ஓ.டி. வருமா?

அன்புள்ள ஐயா,

போன மாதம் பெங்களூரிலிருந்து கடலூர் வந்திருந்தேன். பெரியம்மா வீடு ஓ.டி. என்கிற ஓல்டு டவுனில், ரயில்வே ஸ்டேஷன் பக்கம். திருப்பாப்புலியூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, அங்கே நின்ற ஒரு ஆட்டோக்காரரிடம் "ஓ.டி. எவ்வளவு?" என்று கேட்டேன். என் பக்கம் திரும்பாமலே "300" என்றார். "அநியாயமா இருக்கே" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். என்னைக் கூட்டிப்போக வந்த பெரியம்மா அதே வரிசையில் இன்னொருவரிடம் ஏதோ பேசினார். 180 ரூபாயில் வீட்டுக்குப் போய்விட்டோம். வெளியூர்க்காரன் என்றால் ஏமாற்றுவதுதான் வழக்கமா? அப்படி என்ன பேசினீர்கள் என்று பெரியம்மாவைக் கேட்டால், "என்னத்தப் பேசினேன், வருமான்னு கேட்டேன்" என்கிறார்.

ஆர்., பெங்களூரு

*

அன்புள்ள ஆர்.,

உங்கள் பெரியம்மா ஒரே சொல்லில் பதில் சொல்லிவிட்டார். எனக்கு மிஞ்சியிருப்பது பதவுரை எழுதும் வேலைதான்.

அந்தச் சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். இதே பஸ் ஸ்டாண்டில் நிற்கும் பஸ்ஸைப் பார்த்து நாம் "சிதம்பரம் போகுமா?" என்றுதான் கேட்போம். ஷேர் ஆட்டோவிடமும் "போகுமா?"தான். அது எப்படியும் போகப்போகிற வண்டி, நான் ஏறினாலும் ஏறாவிட்டாலும் அதன் வழி அதற்கு உண்டு. ஆனால் சவாரி ஆட்டோவிடம் யாரும் "போகுமா?" என்று கேட்பதில்லை. "மஞ்சக்குப்பம் வருமா?", "ஓ.டி. வருமா?" என்றுதான் கேட்கிறோம். நானும் அங்கே இருக்கப்போகிறேன், நீ என்னோடு வருகிறாயா என்பது அதன் பொருள். தருசொல், வருசொல் இரண்டும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை என்று தொல்காப்பியம் விதித்து வைத்திருக்கிறது. இலக்கணம் படிக்காத உங்கள் பெரியம்மாவின் வாயில் அது பிசகாமல் வருகிறது. (படித்திருந்தால் மன்னிக்கச் சொல்லுங்கள்.)

இன்னொன்றையும் கவனியுங்கள். "வருவீங்களா?" என்றும் கேட்கலாம், தப்பில்லை. ஆனால் "வருமா?" என்னும்போது கேள்வி ஆளிடம் போகாமல் வண்டியிடம் போகிறது. அவர் மறுக்க நினைத்தாலும் வண்டியே மறுத்துவிடும். "வராதுங்க, சாப்பிடப் போறேன்" என்பார். அல்லது "வண்டி அந்தப் பக்கம் வராதும்மா, ஸ்கூல் சவாரி இருக்கு" என்பார். கேட்டவருக்கும் அவமானமில்லை, மறுத்தவருக்கும் சங்கடமில்லை. அடுத்த வண்டிக்கு நகர்ந்துவிடலாம்.

"எவ்வளவு?" என்று தொடங்கினால் இந்த வழி அடைபட்டுவிடுகிறது. வருவதாக அவர் ஒப்புக்கொண்டதாகவே வைத்துக்கொண்டு விலைக்குப் போய்விடுகிறீர்கள். அவருக்கு வர விருப்பமில்லை என்றால் அதை எந்தச் சொல்லால் சொல்வார்? கேட்டது தொகை. பதிலும் தொகையாகத்தான் வரும். நீங்கள் ஒப்புக்கொள்ளவே முடியாத தொகையாக வரும். உங்களிடம் சொன்ன 300 கூலி இல்லை என்றுதான் நினைக்கிறேன். அது "வராது" என்பதன் எண் வடிவம்.

எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். அதற்கான விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. அவர் திரும்பவில்லை. பேரத்துக்குச் சொல்லும் தொகையோடு எப்போதும் ஒரு வால் இருக்கும். "திரும்ப சும்மாதாங்க வரணும்" என்றோ, "அந்த ரோடு நீங்க பாத்தீங்களா" என்றோ ஒரு காரணம் சேர்ந்து வரும், கண்ணும் உங்கள் முகத்தில் இருக்கும். காரணம் சொல்கிறவர் இறங்கி வரத் தயாராக இருக்கிறார். வாலில்லாத முழு எண்ணை எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னால் பேச்சு முடிந்தது. "அநியாயமா இருக்கே" என்று நீங்கள் சொன்னபோதும் அவர் சண்டைக்கு வரவில்லை, கவனித்தீர்களா?

ஏன் வர விருப்பமில்லை? நான் அங்கே இல்லை, ஊகம்தான். ஸ்டாண்டில் முறை உண்டு. முதலில் வந்து நின்ற வண்டிக்குத்தான் முதல் சவாரி. அது கிளம்பினால் பின்னால் நிற்பவை ஒவ்வொன்றாக முன்னே தள்ளி நிற்கும். பஸ்ஸிலிருந்து இறங்கி வருகிறவருக்கு இது தெரியாது, கைக்கு எட்டிய வண்டியைக் கேட்பார். அது மூன்றாவதோ நான்காவதோ வண்டியாக இருந்தால் அவரால் உங்களை ஏற்றவே முடியாது, முன்னால் நிற்பவர் சும்மா விடமாட்டார். பொறுமையுள்ளவர் என்றால் "முதல் வண்டியக் கேளுங்க" என்று கை காட்டுவார். வெயிலில் இரண்டு மணி நேரம் காத்திருப்பவருக்கு அந்தப் பொறுமை எப்போதும் இருப்பதில்லை, அதுவும் எடுத்த எடுப்பில் "எவ்வளவு" என்று கேட்பவரிடம். இது நல்ல நடத்தை என்று நான் சொல்லவில்லை. வெளியூர் முகத்தைப் பார்த்ததும் தொகையை ஏற்றுகிறவர்களும் எங்கள் ஊரில் உண்டு. ஆனால் அவர்கள் உங்களை நகர விடமாட்டார்கள், "சார், சார், எவ்ளோ குடுப்பீங்க சொல்லுங்க" என்று பின்னாலேயே வருவார்கள்.

உங்கள் பெரியம்மா பேசியது என் காதில் விழவில்லை. ஆனால் அவர் வயதுப் பெண்கள் அந்த ஸ்டாண்டில் பேசுவதைப் பல வருடமாகக் கேட்டிருக்கிறேன். ஏறக்குறைய இப்படிப் போயிருக்கும்.

"ஏம்பா, முதல் வண்டி யாருது?"

"என்னுதுதாம்மா. எங்க போவணும்?"

"ஓ.டி. வருமா?"

"ஓ.டி.ல எங்கம்மா? ஆர்பர் பக்கமா?"

"இல்லப்பா, ஸ்டேஷனாண்ட. ரெண்டு பேரு, ஒரு பெட்டி."

"வரும்மா."

"எவ்ளோப்பா குடுக்கறது?"

"200 குடுங்கம்மா. திரும்ப சும்மாதான் வரணும்."

"போன தடவ 150க்கு வந்தேன்."

"பெட்ரோல் விக்கிற வெலைல 150க்கு எங்கம்மா... சரி, 180 குடுங்க."

"சரி, எடு."

அரை நிமிடம்கூட ஆகாது. தொகையைப் பற்றிய பேச்சு வருவதற்கு முன்னால் இதில் என்னென்ன முடிந்துவிட்டது பாருங்கள். யாரிடம் பேச வேண்டுமோ அவரிடமே பேச்சு போயிருக்கிறது. "ஏம்பா" என்றதில் உறவுமுறை வந்துவிட்டது, அவரும் "அம்மா" என்றாகிவிட்டார். இடம் எது, எத்தனை பேர், சாமான் எவ்வளவு என்பதெல்லாம் வெளியே வந்துவிட்டது. முக்கியமாக, "வரும்" என்ற சொல்லை அவர் கொடுத்துவிட்டார். வருகிறேன் என்று சொன்ன பிறகு துரத்தும் தொகையைச் சொல்ல யாருக்கும் கூச்சமாக இருக்கும். அதற்குப் பிறகு நடந்தது சேர்ந்து போகச் சம்மதித்த இரண்டு பேருக்கு இடையிலான பேரம்.

இடம் சொல்வதில் கடலூருக்கென்றே ஒரு வில்லங்கம் உண்டு, சொல்லிவிடுகிறேன். "ஸ்டேஷன்" என்று மொட்டையாகச் சொல்லாதீர்கள். இங்கே இரண்டு ஸ்டேஷன். திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷன் பஸ் ஸ்டாண்டை ஒட்டியே இருக்கிறது, நடந்தே போய்விடலாம். இன்னொன்று ஓ.டி.யில் இருக்கும் துறைமுகம் சந்திப்பு. பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு "ஸ்டேஷன் எவ்வளவு?" என்று கேட்டால், பக்கத்து ஸ்டேஷனுக்கு எவனும் ஆட்டோ கேட்கமாட்டான் என்ற நியாயத்தில் அவர் தூரத்து ஸ்டேஷனுக்குத் தொகை சொல்வார். நீங்கள் நடை தூரத்துக்கா இவ்வளவு என்று மயங்கி விழுவீர்கள். இருவரும் யோக்கியர்கள், சண்டை மட்டும் மிச்சம்.

நீங்கள் எப்படிக் கூப்பிட வேண்டும் என்பதற்கு அதிகம் யோசிக்க வேண்டாம். உங்கள் வயதுக்கு "அண்ணா" போதும், உங்களைவிடச் சின்னவராகத் தெரிந்தாலும் "அண்ணா"தான். அவர் "சார்" என்று தொடங்குவார். பாதி வழியில் அது "தம்பி" ஆகிவிட்டால் சந்தோஷப்படுங்கள். "ஆட்டோ!" என்று கத்துவது ஓடுகிற வண்டியை நிறுத்தத்தான். நிற்கிற வண்டிக்குப் பக்கத்தில் போய், உள்ளே ஆள் உட்கார்ந்திருக்கும்போது "ஆட்டோ" என்று கூப்பிட்டால் அவர் காதில் அது வேறு மாதிரி விழும்.

இவ்வளவும் சொன்னதால் மரியாதை பேசிவிட்டால் தொகை பேச வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தத் தப்பை நானே செய்திருக்கிறேன். சில வருடம் முன்பு புதுச்சேரி புது பஸ் ஸ்டாண்டில் இரவு பத்தரை மணிக்கு இறங்கினேன், கோரிமேடு போக வேண்டும். "வாங்கண்ணா" என்று ஒருவர் எதிரே வந்து, நான் வாய் திறப்பதற்குள் பெட்டியை வாங்கி வைத்துவிட்டார். "எவ்வளவுங்க?" என்றேன். "ஏறுங்கண்ணா, பாத்துக் குடுங்க, நம்மளுக்குள்ள என்ன" என்றார். வழியெல்லாம் நல்ல பேச்சு, என் மகள் படிப்பு வரை விசாரித்தார். ஜிப்மரைத் தாண்டி இறங்கியதும் 400 என்றார். அவ்வளவு அன்பாகப் பேசிக்கொண்டு வந்தவரிடம் எந்த முகத்தோடு பேரம் பேசுவது? கொடுத்துவிட்டு வீட்டில் திட்டு வாங்கினேன்.

அங்கே வரிசை புரண்டுவிட்டது, அதுதான் கோளாறு. வருமா, எங்கே, எவ்வளவு, ஏறுங்க என்று போக வேண்டியதில் "ஏறுங்க" முன்னால் வந்துவிட்டது. அதற்குப் பிறகு நான் ஒரு கையில் பெட்டியைப் பிடித்துக்கொள்கிறேன், ஒரு காலைத் தரையில் வைத்துக்கொள்கிறேன். "பாத்துக் குடுங்க" என்றால், "இல்லண்ணா, நீங்களே ஒரு தொகை சொல்லிடுங்க, அப்புறம் ரெண்டு பேருக்கும் மனசுல எதுவும் வேணாம்" என்கிறேன். இதைச் சிரித்துக்கொண்டு சொன்னால் யாரும் கோபித்துக்கொண்டதில்லை. வழக்கமான ஆட்டோக்காரர் "எப்பவும் குடுக்கறதக் குடுங்க" என்பது வேறு சங்கதி. அந்த "எப்பவும்" எவ்வளவு என்று இருவருக்கும் தெரியும்.

பெங்களூரில் உங்களுக்குப் பழக்கமான செயலியில் இந்த வரிசை தலைகீழ். தொகை முதலில் திரையில் வந்துவிடும், ஆள் பிறகுதான் வருவார். நாக்கு அதற்குப் பழகியிருந்தால் "எவ்வளவு" தானாக முந்திக்கொள்ளும், உங்களைக் குறை சொல்லமாட்டேன்.

அடுத்த முறை சென்னை வழியாக வந்தால், ரயிலில் வாருங்கள். துறைமுகம் சந்திப்பில் நிற்கும் வண்டியாகப் பார்த்து ஏறினால் பெரியம்மா வீட்டுக்கு நடந்தே போய்விடலாம்.