நீளமான பேட்டியிலிருந்து ஷார்ட்ஸுக்கு இடம் குறிப்பது

கேள்வி: ஒன்றரை மணி நேரப் பேட்டியை டைப் செய்து வைத்திருக்கிறேன். ஷார்ட்ஸுக்கு ஐந்து இடம் குறித்துக் கொடு என்கிறார் எடிட்டர். எதை எடுப்பது?

கருத்துச் சொல்கிற வரிகளைத் தாண்டிப் போய், ஏதாவது நடந்த இடத்தைத் தேடுங்கள்.

பர்கூர் பக்கம் ஒரு மா விவசாயியிடம் எடுத்த 95 நிமிடப் பேட்டியில் "விவசாயிக்கு மரியாதையே இல்லைங்க" என்ற வரியைத்தான் நான் முதலில் குறித்தேன். எழுத்தில் அழுத்தமாகத் தெரிந்தது. ஆனால் அதை எந்த ஊர் விவசாயியும் சொல்லியிருக்கலாம். 41வது நிமிடத்தில் இருந்தது அவர் மட்டுமே சொல்லக்கூடியது: "பழுத்துப் போச்சுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. எந்த மரத்துல பறிச்சேனோ அந்த மரத்தடியிலேயே கொண்டுவந்து கொட்டினேன்."

சரி, அதை அப்படியே வெட்டிக் கொடுக்கலாமா? முடியாது. யார் திருப்பி அனுப்பினார்கள், எதை அனுப்பினார்கள் என்று கிளிப்பை மட்டும் பார்ப்பவருக்குத் தெரியாது. நாம் 40 நிமிடம் படித்துவிட்டு வந்ததால் நமக்கு அது உறைப்பதில்லை. அதனால் குறித்த இடத்தை ஒரு நாள் கழித்து, முன்பின் படிக்காமல் தனியாகப் படித்துப் பாருங்கள். "அது", "அவங்க", "நான் சொன்ன மாதிரி" என்று வந்தால் அதற்கான விளக்கம் முன்னால் எங்கோ இருக்கிறது. எனக்கு அது 38:20இல் கிடைத்தது: "பெங்களூரா காய் ஏத்தின லாரி, கூழ் ஃபேக்டரி வாசல்ல ரெண்டு நாள் நின்னுச்சு." அதே சம்பவம் என்பதால் முன்னால் ஒட்டலாம். வேறு கேள்விக்குச் சொன்ன பதிலை இப்படி ஒட்டவே கூடாது.

அப்புறம், குறித்த இடத்திற்குப் பின்னால் இரண்டு நிமிடமாவது படியுங்கள். 42:05இல் அவரே "எல்லா ஃபேக்டரியும் இப்படி நிறுத்தி வைக்கறதில்லைங்க, அந்த வருஷம் காய் ரொம்ப அதிகம்" என்கிறார். இதை விட்டால் அவர் சொல்லாத குற்றச்சாட்டை அவர் வாயில் வைத்ததாகிவிடும். கடைசியில் வைத்தால் முடிவு தளர்ந்தது. அதனால் லாரி வரிக்கு அடுத்து வைத்தேன். இடம்தான் மாறியது, பொருள் மாறவில்லை.

இவ்வளவும் தாளில். இனி ஹெட்ஃபோன் போட்டுக் கேட்டே ஆக வேண்டும். "கொட்டினேன்" என்ற பிறகு அவர் மூன்று விநாடி பேசவில்லை. டைப் செய்த தாளில் அது இல்லை, ஆனால் கிளிப்பின் உயிரே அந்த மூன்று விநாடிதான். பேட்டி எடுத்தவர் நடுவில் "ம்ம்" போட்டிருந்தாலும் இப்போதுதான் தெரியும். "அது வந்துங்க, எப்படிச் சொல்றது" என்ற தொடக்கத்தைத் தள்ளிவிட்டு 41:16இல் ஆரம்பித்தேன்.

எடிட்டருக்கு நேரத்தை மட்டும் அனுப்பாதீர்கள். டைப் செய்தது தனி ஆடியோ ஃபைலிலிருந்து என்றால் கேமரா ஃபைலில் நேரம் சில விநாடி தள்ளியிருக்கும். முதல் சொல்லையும் கடைசிச் சொல்லையும் சேர்த்து எழுதுங்கள். நான் அனுப்பியது:

1) 38:20–38:26 "பெங்களூரா காய்… நின்னுச்சு"
2) 42:05–42:11 "எல்லா ஃபேக்டரியும்… அதிகம்"
3) 41:16–41:40 "பழுத்துப் போச்சுன்னு… கொட்டினேன்". கடைசி 3 விநாடி மௌனம், வெட்ட வேண்டாம்.