மழைக்காலத்துல பிக்குகள் மூணு மாசம் ஒரே இடத்துல தங்குறது: கேட்டவங்களுக்கு என் பதில்கள்

2023-ல தாய்லாந்துல இசான் பக்கம் ஒரு கிராமத்து விகாரைல நான் ஒரு வஸ்ஸா, அதாவது இந்த மூணு மாச மழைக்கால தங்கல் முழுக்க, பிக்குவா இருந்தேன். அங்க அதுக்கு பேரு பன்சா. உள்ள போறது காவ் பன்சா, வெளிய வர்றது ஓக் பன்சா. அத பத்தி ஒரு வரி சொன்னதுக்கே கேள்வி குவிஞ்சிருச்சு, முடிஞ்சத எழுதுறேன்.

ராஜி: மூணு மாசம் விகாரை கேட்ட தாண்டவே கூடாதா? அப்போ சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவீங்க?

அக்கா, தினமும் தாண்டினேன். காலைல பிச்சைக்கு பாத்திரத்த தூக்கிட்டு ஊருக்குள்ள போவோம், மத்தியானம் டவுனுக்கு பல் டாக்டர்கிட்ட கூட போயிருக்கேன். கணக்கு பகல்ல இல்ல, விடியல்ல இருக்கு. பொழுது விடியுற நேரத்துல நீங்க அந்த எல்லைக்குள்ள இருக்கணும், அவ்ளோதான். மொத நாள் தலைமை பிக்கு எல்லைய வாயால சொன்னார், கிழக்க வாய்க்கால், மேற்க மூங்கில் வேலின்னு. அப்புறம் ஒவ்வொருத்தரும் "இமஸ்மிங் ஆவாசே இமங் தேமாசங் வஸ்ஸங் உபேமி"ன்னு மூணு தடவ சொல்லணும், இந்த இடத்துல இந்த மூணு மாசம் மழைக்காலம் தங்குறேன்னு அர்த்தம். எனக்கு மூணாவது தடவ நாக்கு குழறிருச்சு, திரும்ப சொல்ல வச்சாங்க.

செல்வம்: ஆடி பௌர்ணமிக்கு ஆரம்பிக்குது, நம்ம சாமியார்களோட சாதுர்மாஸ்யத்த பாத்து காப்பி அடிச்சதுதானே?

பாதி சரி தம்பி. பௌர்ணமி ஒண்ணுதான், ஆசாட பௌர்ணமி, நம்மாளுங்க வியாச பூஜை பண்ற நாள். பௌத்தத்துல அதுக்கு மறுநாள்தான் உள்ள போவாங்க. ஆனா எப்பவும் ஆடில வராது, 2025-ல ஜூலை 10, நம்ம கணக்குல ஆனி மாசம். காப்பிங்கறதுல என்ன இருக்குன்னா, பிக்குகளோட விதிப் புத்தகமான வினயத்துலயே கதை அப்படித்தான் போகுது, ராஜகிருகத்துல ஜனங்க கோபப்படுறாங்க, மத்த சாமியாருங்க எல்லாம் மழைக்கு ஒரு இடத்துல அடங்குறாங்க, பறவை கூட கூடு கட்டிட்டு உக்காருது, இந்த சாக்கிய பிக்குங்க மட்டும் பச்சைப் பயிர மிதிச்சுக்கிட்டு புழு பூச்சிய கொன்னுக்கிட்டு திரியுறாங்களேன்னு. அதுக்கப்புறம்தான் புத்தர் விதி போட்டார். ஸோ மத்தவங்ககிட்ட ஏற்கனவே இருந்த வழக்கம்தான், ஆனா எந்த மடத்துகிட்ட இருந்துன்னு கேட்டா இன்னிக்கு இருக்கற மடம் எதுவும் அப்போ இல்ல. இன்னொரு வித்தியாசம், நம்ம சன்யாசிங்க நிறைய பேர் பக்ஷத்த மாசமா எண்ணி நாலு பக்ஷத்துல, அதாவது ரெண்டு மாசத்துல முடிச்சுடுவாங்க. இங்க முழு மூணு மாசம்.

செல்வம்: 2023-ல வியாச பூஜை ஜூலை 3. நீங்க அன்னிக்கா உள்ள போனீங்க?

இல்ல, ஆகஸ்ட் 2. நல்லா புடிச்சீங்க. அது அதிக மாசம், அதாவது கூடுதலா ஒரு மாசம் வந்த வருஷம். தாய்லாந்துல அதிக மாசம் வந்தா எப்பவும் எட்டாம் மாசம்தான் ரெண்டு தடவ வரும், வஸ்ஸா ரெண்டாவது எட்டுல ஆரம்பிக்கும். இந்திய பஞ்சாங்கத்துல அந்த வருஷம் அதிக மாசம் அதுக்கு அடுத்துதான் விழுந்துச்சு, அதனால ஒரு மாச வித்தியாசம். மகத ராஜா பிம்பிசாரர் வஸ்ஸாவ தள்ளி வைக்க கேட்டப்போ ராஜா சொல்றத அனுசரிங்கன்னு புத்தர் விட்டுட்டதால இது பெரிய சண்டையா ஆகல.

மீனா: எங்கம்மாவுக்கு உடம்பு சரியில்லாம இருக்கறப்போ எனக்கு லீவே தரல. பிக்குவுக்கு அந்த மாதிரி வந்தா?

உங்க ஆபீஸ விட வினயம் தாராளம்மா. அம்மா அப்பாவுக்கு முடியலன்னா ஆள் விட்டு கூப்பிடணும்னு கூட இல்ல, ஏழு நாளுக்குள்ள திரும்பிடறேன்னு சொல்லிட்டு கிளம்பலாம், தேவைன்னா வந்துட்டு மறுபடியும் போகலாம். ஆனா ஏழு நாள்னா ஏழு ராத்திரி இல்ல, இங்கதான் ஆளுங்க தப்பு பண்றாங்க. எங்ககூட இருந்த ஒருத்தரோட அம்மா வேற மாகாணத்துல ஆஸ்பத்திரில. ஆகஸ்ட் 14 திங்கக்கிழம காலைல கிளம்பினார். செவ்வாய்ல இருந்து ஞாயிறு வரைக்கும் ஆறு விடியல் வெளிய பாக்கலாம், ஏழாவது விடியல், அதாவது 21-ந்தேதி திங்கக்கிழம விடியல், வெளிய முளைக்க கூடாது. அவர் ஞாயித்துக்கிழம ராத்திரி பஸ்ல வந்தார், பஸ் நடு ரோட்டுல படுத்துருச்சு. நாங்க டார்ச் எடுத்துட்டு வேலிகிட்ட நின்னோம். காலைல நாலரைக்கு ஒரு காய்கறி வண்டி பின்னாடி உக்காந்து வந்து இறங்கினார், முட்டி வரைக்கும் சேறு, எல்லைக்குள்ள கால் வச்சதும் அப்படியே படிக்கட்டுல உக்காந்துட்டார்.

வாத்தியார்: விடியல் என்பது சூரிய உதயம். ஆகவே அவருக்கு இன்னும் ஒன்றேகால் மணி நேரம் இருந்தது.

சார், சூரியன் தெரியுறது வரைக்கும் காத்திருந்தா போச்சு. அருணம்தான் கணக்கு, அது உதயத்துக்கு முன்னாடியே வந்துரும். எவ்ளோ முன்னாடிங்கறதுல பிக்குகளுக்குள்ளயே ஒத்த கருத்து இல்ல. கிழக்க மொத வெளுப்புன்னு சிலர், கைய நீட்டினா உள்ளங்கை ரேகை தெரியணும்னு சிலர். நாங்க பிச்சைக்கு கிளம்ப ரேகைய பாத்தோம், வஸ்ஸா விஷயத்துல மொத வெளுப்ப வச்சுக்கிட்டோம், சந்தேகத்துக்கு இடம் வேணாம்னு.

குமார்: லேட்டாகி இருந்தா? ஜெயிலா?

சும்மா ஊர் சுத்திட்டு உடைச்சா சின்ன குற்றம், இன்னொரு பிக்குகிட்ட ஒத்துக்கணும். வெள்ளம், தீ, பாம்பு, திருடன், சோறு கிடைக்கலன்னு ஓடினா குற்றமே இல்ல. ஆனா ரெண்டுலயும் வஸ்ஸா உடைஞ்சது உடைஞ்சதுதான், அந்த வருஷ கட்டினம், அதாவது வஸ்ஸா முடிஞ்சதும் ஜனங்க தர்ற துணிய பிக்குவோட உடையா, சீவரமா தைக்கிற சடங்கு, அதோட பலன் போச்சு. மொத நாள தவற விட்டவங்க ஒரு மாசம் கழிச்சு ரெண்டாவது தேதில நுழையலாம், அவங்களுக்கும் கட்டினம் கிடையாது.

நிரோ, வவுனியா: இஞ்ச அந்த மாசங்கள் நல்ல வெயில், மழை ஐப்பசிலதான். பிறகு என்னத்துக்கு மழைக்காலம் எண்டு சொல்லுறது? கட்டின சீவரத்தை ஒரே நாள்ல தைக்கிறதும் எனக்கு விளங்கேல்லை.

மொத கேள்வி ரொம்ப சரி. இது கங்கை சமவெளி மழைக்கு போட்ட விதி. உங்க அனுராதபுரத்துல வஸ்ஸா நடக்கறப்போ குளம் வத்தி கிடக்கும், பிக்குங்க வெளிய வர்ற நேரம் பாத்து மழை புடிக்கும். தமிழ்நாட்டுலயும் அதே கதைதான். விதிய நகர்த்தாம தேதிய மட்டும் காப்பாத்திட்டு வர்றாங்க.

சீவரத்துக்கும் விடியல்தான் காரணம். 29 அக்டோபர் பௌர்ணமில நாங்க வட்டமா உக்காந்து, என்கிட்ட தப்ப கண்டிருந்தாலோ கேட்டிருந்தாலோ சந்தேகப்பட்டிருந்தாலோ சொல்லுங்கன்னு ஒவ்வொருத்தரும் கேட்டோம். (என் குறட்டைய பத்தி சொன்னாங்க.) அந்த ராத்திரியும் தங்கி, 30-ந்தேதி விடிஞ்சாதான் வஸ்ஸா முடியும். அதுக்கப்புறம் ஒரே ஒரு மாசம்தான் கட்டினத்துக்கு. துணிய பிக்கு வாய்விட்டு கேக்க கூடாது, ஜனங்களா தரணும். வந்துட்டா அன்னிக்கே வெட்டி, வயல் வரப்பு மாதிரி துண்டு துண்டா சேத்து தைச்சு, சாயம் போட்டு காய வச்சு, அடுத்த விடியலுக்குள்ள முடிக்கணும். நாங்க பலா வைரத்த கொதிக்க வச்ச சாயம் போட்டோம், ஈரம் போகல, ராத்திரி பதினோரு மணிக்கு நாலு மூலைய நாலு பேர் புடிச்சு அடுப்புக்கு மேல காட்டினோம்.

நிரோ: எங்கட பக்கத்து பன்சாலை விகாரையில மூண்டு பிக்குமார்தான் இருக்கினம். அப்ப எப்படி?

கட்டினத்துக்கு அஞ்சு பேர் வேணும். பக்கத்து விகாரைல இருந்து ரெண்டு பேர கூப்பிட்டு எண்ணிக்கைய நிரப்பலாம், வந்தவங்களுக்கு பலன் சேராதுன்னு உரைகாரங்க சொல்றாங்க, நிறைய இடத்துல அப்படித்தான் நடக்குது. எங்க தலைமை பிக்கு இத ஒத்துக்க மாட்டார், அஞ்சு பேரும் அங்கயே வஸ்ஸா இருந்திருக்கணும்பார். உங்க விகாரை பிக்கு, அந்த ஹாமுதுருகிட்டயே கேட்டு பாருங்க, அவர் எந்த பக்கம்னு எனக்கும் சொல்லுங்க.