முழுப் பல்செட் கோட்டா முடியவில்லை: கேஸ் கேட்டு ஆசிரியருக்கு எப்படி எழுதுவது?

கேள்வி: பி.டி.எஸ். இறுதியாண்டு படிக்கிறேன். செயற்கைப் பல் துறையில் முழுப் பல்செட் கோட்டா இன்னும் முடியவில்லை. நோயாளிகள் கிடைப்பதே இல்லை. போஸ்டிங் முடிய 7 வாரம் இருக்கிறது. கூடுதல் கேஸ் கேட்டு மேற்பார்வை ஆசிரியருக்குக் கடிதம் கொடுக்கலாமா? என்ன எழுத வேண்டும்?

பதில்:

கொடுக்கலாம், ஆனால் இந்த வாரமே கொடுங்கள். இதே துறையில் ஆசிரியராக இருப்பதால் இப்படிப்பட்ட கடிதங்கள் என் மேசைக்கு ஒவ்வோர் ஆண்டும் வருகின்றன. அவற்றில் பெரும்பாலானவை பரீட்சை நெருங்கிய பிறகே வரும். அப்போது எனக்கு மனம் இருந்தாலும் உதவ வழி இருக்காது. காரணம் இந்தச் சிகிச்சையின் நடைமுறையிலேயே இருக்கிறது.

ஈறு சுத்தம் செய்யும் கேஸ் குறைந்தால் ஒரே காலையில் ஒன்றை முடித்துவிடலாம். பல் எடுக்கும் கேஸும் அப்படியே. முழுப் பல்செட்டுக்கு நோயாளி குறைந்தது 5 முறை உங்கள் நாற்காலியில் உட்கார வேண்டும். முதல் முறை பரிசோதித்து முதல் அளவு எடுக்கிறீர்கள். அந்த வார்ப்பில் அவருக்கென்று தனி டிரே செய்து, இரண்டாம் முறை கிரீன் ஸ்டிக்கால் ஓரங்களை வடிவமைத்து இறுதி அளவு எடுக்கிறீர்கள். மூன்றாம் முறை மெழுகு ரிம் வைத்துத் தாடைகளின் உயரத்தையும் உறவையும் பதிவு செய்கிறீர்கள். நான்காம் முறை மெழுகில் அடுக்கிய பற்களை வாயில் வைத்துப் பார்க்கிறீர்கள். ஐந்தாம் முறை பல்செட்டைப் பொருத்துகிறீர்கள். அதன் பிறகு மறுநாளும் ஒரு வாரம் கழித்தும் மறுபார்வை.

ஒவ்வொரு வருகைக்கும் இடையில் உங்களுக்கு லேப் வேலை இருக்கிறது. ஆசிரியர் ஒவ்வொரு கட்டத்தையும் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். வாரம் ஒரு வருகை என்று வைத்தால், பொருத்துவதற்கு 5 வாரம், மறுபார்வைக்கு 1 வாரம், ஆக 6 வாரம். உங்களிடம் இருப்பது 7. நோயாளி ஒரே ஒரு முறை வராமல் போகலாம், அவ்வளவுதான் இடம். கடிதத்தை இரண்டு வாரம் தள்ளிப்போட்டால் புதிய கேஸை வாங்கியும் பயனில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. கடைசி வாரங்களில் எல்லோருடைய மெழுகுப் பல்செட்டும் ஒரே நேரத்தில் லேபுக்குப் போகும். பிளாஸ்க்குகள் வரிசையில் நிற்கும். பதப்படுத்திய பிறகு அவசரத்தில் சூடு ஆறாமல் பிளாஸ்க்கைத் திறந்தால் பல்செட் வளைந்துபோகும், வாயில் உட்காராது. பிறகு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் கடிதம் எழுத வேண்டும். ‘எனக்கு 2 கேஸ் குறைகிறது, தயவுசெய்து உதவுங்கள்’ என்று எழுதினால் ஆசிரியர் என்ன செய்வார்? நோயாளியை அவரால் உருவாக்க முடியாது. எண்ணிக்கையைக் குறைக்கவும் அவருக்கு அதிகாரம் இல்லை. ஆனால் அவர் கையில் சில கதவுகள் இருக்கின்றன. அவற்றில் எதைத் திறக்கச் சொல்கிறீர்கள் என்பதைக் கடிதம் சொல்ல வேண்டும்.

எனக்குத் தெரிந்தவரை மிகப் பயனுள்ள கதவு வாய் அறுவைத் துறையின் பதிவேடு. பற்களையெல்லாம் எடுத்துக்கொண்டு போனவர்களின் விவரம் அங்கே இருக்கும். பல் எடுத்த கையோடு பல்செட்டுக்கு அளவு எடுக்க முடியாது. எலும்பும் ஈறும் ஆற வேண்டும், வழக்கமாக 6 முதல் 8 வாரம், சிலருக்கு அதற்கும் மேல். ‘இரண்டு மாதம் கழித்து வாருங்கள்’ என்று அனுப்பப்பட்டவர்களில் பலர் திரும்பி வருவதே இல்லை. மறந்துவிடுகிறார்கள், அல்லது துணைக்கு வர ஆள் கிடைப்பதில்லை. இவர்களைத் துறை சார்பில் அழைத்தால் உங்களுக்குக் கேஸ் கிடைக்கும், அவர்களுக்கும் நின்றுபோன சிகிச்சை கிடைக்கும். ஆனால் பதிவேட்டிலிருந்து தொலைபேசி எண்களை நீங்களாகக் குறித்துக்கொண்டு வந்து அழைக்காதீர்கள். அது நோயாளியின் அந்தரங்கம். அழைப்பைத் துறை செய்ய வேண்டும். அதற்கு ஆசிரியரின் அனுமதி வேண்டும். அதைத்தான் கடிதத்தில் கேட்கிறீர்கள்.

இரண்டாவது கதவு நேரம். பொருத்துவதற்குத் தயாராக ஒரு கேஸ் இருக்கும், உங்களுக்கோ வேறு துறையில் போஸ்டிங் தொடங்கியிருக்கும். குறிப்பிட்ட பிற்பகலில் ஒரு நாற்காலி வேண்டும் என்று கேட்டால் பல ஆசிரியர்கள் ஒப்புக்கொள்வார்கள். மூன்றாவது, கோட்டா முடித்த வகுப்புத் தோழரிடம் தொடங்கப்படாமல் காத்திருக்கும் நோயாளி. அவரை உங்களுக்கு மாற்றலாம். ஆனால் நோயாளி சம்மதிக்க வேண்டும், மாற்றம் இருவர் லாக் புக்கிலும் பதிவாக வேண்டும். தோழர் அளவு எடுத்துவிட்ட கேஸை வாங்கி முழு கேஸாகக் கணக்கில் காட்டக் கூடாது.

சரி, கடிதம். உங்கள் நிலைமை எனக்குத் தெரியாததால் ஒன்றை வைத்துக்கொள்கிறேன். கல்லூரிக்குக் கல்லூரி எண்ணிக்கை மாறும். இங்கே தேவை 4, முடிந்தது 2, மூன்றாவது பாதியில் நிற்கிறது, நான்காவதற்கு நோயாளி இல்லை.

அனுப்புநர்: (பெயர், பதிவு எண்), இறுதியாண்டு பி.டி.எஸ்.
பெறுநர்: இளநிலைப் பிரிவுப் பொறுப்பாசிரியர், செயற்கைப் பல் துறை
பொருள்: முழுப் பல்செட் கேஸ் ஒதுக்கீடும் பிற்பகல் அனுமதியும் வேண்டுதல்

மதிப்பிற்குரிய மேடம்,

இந்தப் போஸ்டிங்கில் நான் செய்ய வேண்டிய 4 முழுப் பல்செட்டுகளில் 2 பொருத்தப்பட்டு, மறுபார்வையும் முடிந்து, தங்கள் கையெழுத்துப் பெற்றுள்ளன. மூன்றாவது நோயாளிக்கு (ஓ.பி. எண் குறிப்பிடப்பட்டுள்ளது) இறுதி அளவு எடுத்தாகிவிட்டது. ரிம் தயாராக உள்ளது. அவர் கடந்த இரண்டு முறையும் வரவில்லை. விசாரித்ததில், அழைத்துவரும் மகனுக்கு வார நாட்களில் காலையில் வேலை என்றும் பிற்பகலில் வர இயலும் என்றும் தெரிவித்தார். நான்காவது கேஸ் இதுவரை எனக்கு ஒதுக்கப்படவில்லை.

எனவே இரண்டு அனுமதிகளை வேண்டுகிறேன். முதலாவது, மூன்றாவது நோயாளிக்காக வரும் மூன்று வாரங்களுக்குச் செவ்வாய்க்கிழமை பிற்பகலில் ஒரு நாற்காலி. அந்த நேரத்தில் தாங்களோ தாங்கள் குறிப்பிடும் ஆசிரியரோ மேற்பார்வையிட வேண்டுகிறேன். இரண்டாவது, வாய் அறுவைத் துறையில் பற்கள் முழுவதும் எடுக்கப்பட்டு இரண்டு மாதம் கடந்தவர்களில், இளநிலை மாணவருக்கு ஏற்ற ஒருவரைத் துறை வழியாக அழைத்து எனக்கு ஒதுக்குதல். அடுத்த திங்கட்கிழமைக்குள் முதல் அளவு எடுத்துவிட்டால், போஸ்டிங் முடிவதற்குள் பொருத்தி மறுபார்வையும் செய்ய முடியும். வாரவாரியான திட்டத்தையும் லாக் புக் நகலையும் இணைத்துள்ளேன்.

ஏற்ற நோயாளி கிடைக்காவிட்டால் நான் என்ன செய்ய வேண்டும் என்பதையும் தாங்கள் வழிகாட்டக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
(கையொப்பம், தேதி)

கல்லூரியில் இதை ஆங்கிலத்தில்தான் கொடுப்பீர்கள், செய்தி இதுவேதான்.

பாதியில் நிற்கும் கேஸைக் கடிதத்தில் நானே சொல்லவைத்திருக்கிறேன். பலர் அதை மறைத்துப் புதிய கேஸ் மட்டும் கேட்கிறார்கள். லாக் புக்கைத் திறந்த முதல் நிமிடத்திலேயே அது எங்களுக்குத் தெரிந்துவிடும்: இறுதி அளவுவரை கையெழுத்து இருக்கும், பிறகு பக்கம் காலியாக இருக்கும். அந்த நோயாளி ஏன் வரவில்லை என்று மாணவர் விசாரித்தாரா என்பதுதான் என் முதல் கேள்வி. பெரும்பாலும் காரணம் சரிசெய்யக் கூடியதாகவே இருக்கும். நூறு நாள் வேலையை விட்டுவிட்டு வர முடியாதவர் இருப்பார். அளவு எடுக்கும்போது குமட்டல் வந்து பயந்துபோனவர் இருப்பார். ஒரே நாளில் பல்செட் கிடைத்துவிடும் என்று நம்பி வந்தவரும் இருப்பார். முதல் நாளே 5 வருகை, பிறகு மறுபார்வை என்று தேதிகளோடு ஒரு சீட்டில் எழுதி, வீட்டில் ஒருவர் எண்ணையும் அவர் சம்மதத்தோடு கேஸ் ஷீட்டில் குறித்திருந்தால் பாதிப் பேரை இழக்காமல் இருக்கலாம்.

‘இளநிலை மாணவருக்கு ஏற்ற’ என்ற சொற்களையும் விட்டுவிடாதீர்கள். கீழ்த்தாடை மேடு முழுதும் தேய்ந்து தட்டையாகிப்போனவர், மேல் ஈறு தொளதொளவென்று அசைபவர், இதற்கு முன் செய்த பல்செட் எதிலும் திருப்தியில்லாதவர் ஆகியோரை முதுநிலை மாணவர்களோ ஆசிரியர்களோ பார்ப்பதே சரி. கேஸ் கிடைத்தால் போதும் என்று வாங்கினால் மூன்று முறை தாடை உறவு எடுத்தும் டிரை-இன்னில் தள்ளுபடியாகும். உங்கள் 7 வாரமும் போய்விடும்.

கடிதத்தில் நோயாளியின் பெயரையோ நோய் விவரத்தையோ எழுதாதீர்கள், ஓ.பி. எண் போதும். அந்தக் காகிதம் அலுவலகத்தில் பல கைகள் மாறும்.

‘வந்தால் பணம் தருகிறேன்’ என்று நோயாளியை அழைத்துவரும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது, உங்களிடமும் யாராவது சொல்லியிருப்பார்கள். இதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். பணத்துக்காக வருபவர் தனக்கு வலிக்கிறது, பல்செட் ஆடுகிறது என்று சொல்ல மாட்டார். கையில் பணம் வந்ததும் மறுபார்வைக்கும் வர மாட்டார். பஸ் கட்டணம்தான் தடை என்றால் அதையும் ஆசிரியரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். கல்லூரி வண்டி முகாமுக்குப் போகும் வழியில் நோயாளியை ஏற்றிவர ஏற்பாடு செய்ய முடிகிறதா என்று பார்க்கலாம்.

கடிதத்தை மேசையில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். காலை ஓ.பி. கூட்டம் தொடங்குவதற்கு முன்போ பிற்பகலிலோ நேரில் லாக் புக்கோடு போய்க் கொடுங்கள். இரண்டு வேலை நாளில் பதில் வராவிட்டால் மீண்டும் போய்க் கேளுங்கள். அதை யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டோம். அனுமதி கிடைத்ததும் ஆசிரியரின் குறிப்போடு ஒரு நகலை லாக் புக்கில் ஒட்டிவையுங்கள். போஸ்டிங் முடிந்த பின் உங்கள் பேட்சுக்கு வேறு ஆசிரியர் பொறுப்பேற்றால், செவ்வாய் பிற்பகலில் நீங்கள் ஏன் அங்கே இருந்தீர்கள் என்பதற்கு அந்தக் காகிதம்தான் பதில்.

வாரத் திட்டம் எழுதும்போது கடைசி வரியில் ஒரு வார மறுபார்வைத் தேதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புதுப் பல்செட் ஓரத்தில் உரசிப் புண்ணாவது முதல் சில நாட்களில்தான். பொருத்திய நாளோடு உங்கள் திட்டம் முடிந்தால், நான் அதைத் திருத்தி எழுதிவரச் சொல்லித் திருப்பி அனுப்புவேன்.