தோழிக்குக் கொடுத்த கடன்: தவணை எழுதும் முன் தேதியைப் பாருங்கள்

"2023 ஜூன் 10 அன்று என் கல்லூரித் தோழிக்கு வங்கி மூலம் ரூ.1,50,000 அனுப்பினேன். ரெண்டு வட்டி தருவதாக வாயால் சொன்னாள், எழுதி வாங்கவில்லை. இதுவரை ஜிபேயில் ரூ.5,000 வீதம் ஆறு முறை அனுப்பியிருக்கிறாள். அவள் புது வண்டி எடுத்திருக்கிறாள், தங்கை கல்யாணத்தைத் தடபுடலாக நடத்தினாள். இப்போது கேட்டால் 'மாதம் ஐயாயிரம் தர்றேன், வட்டி வேண்டாமே' என்கிறாள். இரண்டு வருடம் பத்து மாதம் பொறுத்தேன். வட்டியோடு தவணை போட்டு எப்படி எழுதி வாங்குவது?"
– வாசகி, திருப்பூர்

வண்டியும் கல்யாணமும் வழக்குக்கு உதவாது. உங்கள் கடிதத்தில் முக்கியமானது ஜூன் 10 என்ற தேதிதான். கைக்கடனுக்குக் கொடுத்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகள்தான் கால வரம்பு. அது முடிய இன்னும் இரண்டே மாதம்.

ஜிபே பணம் வந்த ஒவ்வொரு முறையும் கெடு நீண்டுவிட்டது என்று பலரும் நம்பி உட்கார்ந்துவிடுகிறார்கள். பகுதிப் பணத்தால் கெடு புதுப்பிக்கப்பட, அது செலுத்தப்பட்டதைக் கடனாளி தன் கைப்பட எழுதியிருக்க வேண்டும் அல்லது எழுத்தில் கையொப்பமிட்டிருக்க வேண்டும் என்கிறது காலவரையறைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு. செல்போன் பரிமாற்றம் அதற்குச் சமமா என்று வாதாடலாம். ஆனால் உங்கள் ஒன்றரை லட்சத்தை அந்த வாதத்தில் பணயம் வைக்காதீர்கள்.

தோழி தவணைக்கு ஒப்புக்கொள்வது உங்களுக்கு நல்லதே. கெடுவுக்குள் அவர் கையொப்பமிடும் தவணைப் பத்திரமே கடனை ஒப்புக்கொண்டதாகி, அன்றிலிருந்து கெடு புதிதாகத் தொடங்கும். "10.6.2023 அன்று பெற்ற ரூ.1,50,000 கடனில் ரூ.30,000 அசலுக்காகச் செலுத்திவிட்டேன், ரூ.1,20,000 பாக்கி உள்ளது" என்ற வரி அதில் கட்டாயம் இருக்க வேண்டும். ஜூன் 10 தாண்டிவிட்டால் பாக்கி இருக்கிறது என்று எழுதித் தந்தால் மட்டும் போதாது. திருப்பித் தருகிறேன் என்ற வாக்குறுதியே எழுத்தில் வேண்டும்.

என் கட்சிக்காரர்கள் அடிக்கடி சிக்குவது இதற்கு அடுத்த படியில். கடையில் அச்சடித்த புரோநோட்டை வாங்கி, "மாதம் 5,000 வீதம் 24 தவணைகளில் தருகிறேன்" என்று நிரப்பி, ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். அந்த ஸ்டாம்ப் கேட்டவுடன் தர வேண்டிய புரோநோட்டுக்குத்தான் போதும். தவணை எழுதியதும் அது வேறு வகைப் புரோநோட்டாகி, தொகைக்கு ஏற்ற முத்திரைக் கட்டணம் கேட்கும். மற்ற பத்திரங்களில் முத்திரை குறைந்தால் அபராதம் கட்டி நேர் செய்துகொள்ளலாம். புரோநோட்டுக்கு அந்த வழி கிடையாது, நீதிமன்றம் அதைச் சாட்சியமாகவே ஏற்காது. கையில் நோட்டு இருக்கும், ஆனால் பயன்படாது. அதனால் புரோநோட்டே வேண்டாம், தவணையை ஒப்பந்தமாக முத்திரைத்தாளில் எழுதுங்கள். எவ்வளவு மதிப்புள்ள தாள் என்பதை எழுதுபவரிடம் கேட்டே வாங்குங்கள்.

இனி வட்டி. ரெண்டு வட்டி என்றால் மாதம் 3,000, முப்பத்து நான்கு மாதத்துக்கு ரூ.1,02,000. வாய்ப்பேச்சை வைத்து இதை நிரூபிப்பது கடினம். தோழி மறுத்தால், எழுத்தில் கேட்டு நோட்டீஸ் அனுப்பிய நாளிலிருந்துதான் நீதிமன்றம் வட்டி தர வாய்ப்பு. அதனால் பழைய வட்டியை விட்டுவிடுங்கள். வந்த முப்பதாயிரம் அசலுக்கா வட்டிக்கா என்ற சண்டையும் அத்தோடு தீரும்.

இனிமேலுக்கு வட்டி வேண்டுமானால் குறையும் பாக்கி மீது ஆண்டுக்கு 12 சதவீதம் என்று எழுதுங்கள். முதல் மாதம் அசல் 5,000, வட்டி 1,200. அடுத்த மாதம் வட்டி 1,150. இப்படி ஐம்பது ஐம்பதாகக் குறைந்து 24ஆம் மாதம் 50 ரூபாயில் முடியும், மொத்த வட்டி ரூ.15,000. சமமாகக் கட்ட விரும்பினால் மாதம் சுமார் 5,649. "மாதம் ஒரு வட்டி" என்று மட்டும் எழுதினால் முழு 1,20,000க்கும் கடைசிவரை கணக்கிட்டு 28,800 கேட்க இடம் வந்து, நட்பு அதோடு போகும்.

என்னைக் கேட்டால், அந்தப் பதினைந்தாயிரத்துக்காகக் கையெழுத்தைத் தள்ளிப்போடாதீர்கள். அவர் சொன்னபடியே வட்டியில்லாமல் 24 தவணைக்கு ஒப்புக்கொள்ளுங்கள். பதிலுக்கு ஒரு நிபந்தனை வையுங்கள்: அடுத்தடுத்து இரண்டு தவணை தவறினால் மீதி முழுவதும் உடனே தர வேண்டும், அன்றிலிருந்து அதற்கு 12 சதவீத வட்டி. இது இல்லாவிட்டால் தவறிய தவணைகளுக்கு மட்டுமே வழக்குப் போட முடியும். பணம் வங்கி வழியாகவே வரட்டும்.

கையெழுத்துப் போட அவர் இழுத்தடித்தால் காத்திருக்காதீர்கள். வக்கீல் நோட்டீஸ் அனுப்பினாலும் கெடு நிற்காது, வழக்கு தாக்கலாகும் நாள்தான் கணக்கு. மே மாதம் நீதிமன்றங்களுக்குக் கோடை விடுமுறை வேறு. இந்த மாதமே அவருக்கு ஒரு தேதி சொல்லுங்கள், அன்று பத்திரம் வராவிட்டால் மறுநாளே வழக்குக்கான வேலையைத் தொடங்கிவிடுங்கள்.