ரயிலில் எதிர் சீட்டுக்காரரிடம் பேச்சை எப்படித் தொடங்குவது?

"கோவையிலிருந்து டெல்லிக்கு ரயிலில் போகிறேன். கூட வருபவர்களிடம் வணக்கம் சொல்லணுமா?"

வேண்டியதில்லை. வணக்கம் சொன்னால் ஏதோ விற்க வந்தவர் என்று நினைத்துக்கொள்வார்கள். எங்கள் பக்கம் வேலையோடுதான் பேச்சு தொடங்கும். பெட்டியை சீட்டுக்கு அடியில் தள்ளும்போது, "ஏனுங்க, இந்தப் பையைக் கொஞ்சம் நகர்த்திக்கட்டுங்களா?" போதும். அந்த 'ங்க' இருந்தால் மரியாதை வந்துவிட்டது.

அடுத்து, "எது வரைக்கும் போறீங்க?" இது விசாரணை இல்லை, யார் எப்போது இறங்குவார், கீழ் பெர்த் எப்போது காலியாகும் என்ற கணக்கு. திருப்பூர் தாண்டுவதற்குள், "ஊரு எதுங்க?" வரும். "பெருந்துறைங்க" என்றால், "பெருந்துறையிலயே எந்தப் பக்கம்?" என்று கேள்வி குறுகிக்கொண்டே போகும். பெரும்பாலும் தெரிந்தவர் யாராவது இருக்கிறாரா என்ற தேடல்தான். சிலருக்கு அது சாதியை அறியும் வழி. பிடிக்காவிட்டால் ஊர் பெயரோடு நிறுத்திக்கொண்டு, "உங்க பக்கம் மழைங்களா?" என்று திருப்பிவிடுங்கள். விவசாயம் செய்பவரானால் கிணற்றுத் தண்ணீர், தேங்காய் விலை என்று ஈரோடு வரை அவரே பேசுவார்.

பதில் ஒற்றைச் சொல்லாக வந்தால் விட்டுவிடுங்கள். இரவு பத்து மணிக்கு நடு பெர்த்தைப் போடும் உரிமை அந்த பெர்த்துக்காரருக்கு உண்டு. அதற்குமேல் பேச்சை நீட்டாதீர்கள்.