பிடிஎஃப்பிலிருந்து நகலெடுத்தால் ஏஐ கண்டறிவானின் முடிவு மாறுவது ஏன்?

"அதே கட்டுரைதான். வேர்டில் இருந்து போட்டால் ஒரு மதிப்பெண், பிடிஎஃப்பில் இருந்து போட்டால் வேறு. ஏன்?"

பிடிஎஃப், எழுத்துகள் பக்கத்தில் எங்கே நிற்கின்றன என்பதைத்தான் முக்கியமாகச் சேமிக்கிறது. பத்தி எங்கே முடிகிறது என்பது பல கோப்புகளில் இருக்காது. அதனால் நகலெடுக்கும்போது பெரும்பாலும் ஒவ்வொரு அச்சுவரியும் தனி வரியாகவே வந்து விழும். ஓரத்தில் உடைந்த சொல்லும் இப்படி உடைந்தே வரலாம்:

```
develop-
ment
```

கண்டறிவான்கள் பலவும் அடுத்த சொல்லை எவ்வளவு எளிதாக ஊகிக்க முடிகிறது என்று பார்க்கின்றன. எளிதென்றால் இயந்திரம் எழுதியது என்ற பக்கம் சாயும். `develop` என்பதற்குப் பிறகு கோடும் வரிமுறிவும் வருவதை ஊகிப்பது கடினம், எனவே மதிப்பெண் மனிதர் பக்கம் நகரலாம். செய்தித்தாள் படிக்கும் குழந்தை பத்தியின் ஒவ்வொரு வரி முடிவிலும் நிறுத்தினால் வாக்கியம் துண்டாகக் கேட்குமே, அதுபோலத்தான்.

சரிசெய்ய, முதலில் கோட்டில் உடைந்த சொற்களை ஒட்டுங்கள், அப்புறம் வரிகளைச் சேருங்கள். `well-known` போன்ற உண்மையான கோடுகளை மட்டும் கண்ணால் பார்த்து அப்படியே விட்டுவிடுங்கள்.

மதிப்பெண் மாறியதால் யாரோ கட்டுரையைத் திருத்தியிருக்கிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள்; ஒரு சொல்கூட மாறாமலே இது நடக்கும்.