விசேட கல்வி ஆசிரியையின் சி.வி.யில் என்ன இருக்க வேண்டும்?

வணக்கம் அக்கா,

முல்லைத்தீவுப் பக்கம் ஒரு பாடசாலையின் விசேட கல்வி அலகில் நாலு வருசமாகத் தொண்டர் ஆசிரியையாக இருக்கிறேன். வவுனியாவில் பிள்ளைகளுக்கான நிலையம் ஒன்று விசேட கல்வி ஆசிரியர் கேட்டிருக்கிறது. எந்தக் கற்றல் தேவைகளோடு வேலை செய்தேன், தனியாள் கல்வித் திட்டங்கள், சிகிச்சையாளர்களோடு சேர்ந்து செய்தவை, பெற்றோர் ஆலோசனைப் பயிற்சி எல்லாம் சி.வி.யில் தெரிய வேண்டுமாம். என் சி.வி.யையும் ஒரு பிள்ளையின் திட்டக் குறிப்புகளையும் அனுப்பியிருக்கிறேன். 'ஓட்டிசம், டவுன் சின்ட்ரோம், பெருமூளை வாதம், கற்றல் இடர்ப்பாடு உள்ள பிள்ளைகளுக்குக் கற்பித்தேன்' என்பதற்கு மேல் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. பெற்றோர் ஆலோசனைக்கு ஐந்து நாள் பயிற்சி ஒன்றுதான் இருக்கிறது. அதைப் போட்டால் குறைவாகத் தெரியுமா?

— ஓர் ஆசிரியை

அன்புத் தங்கச்சிக்கு,

உங்கள் சி.வி.யை விட அதோடு அனுப்பிய திட்டக் குறிப்புகள்தான் என்னைப் பிடித்து நிறுத்தின. தண்ணீர் கேட்கப் பழகிய அந்தப் பையனைப் பற்றி ஆறு பக்கம் எழுதி வைத்திருக்கிறீர்கள். சி.வி.யில் அவன் 'ஓட்டிசம்' என்ற ஒரு சொல்லாகப் போய்விட்டான். நேர்முகத்தில் இருப்பவர்கள் அறிய விரும்புவது அந்த ஆறு பக்கத்தில் இருக்கிறது. எனவே அவனை வைத்தே சொல்கிறேன். இதைப் பொதுவில் எழுதுவதால் அவன் வயதையும் வேறு சிலவற்றையும் மாற்றியிருக்கிறேன்.

பையனுக்கு எட்டு வயது. பேச்சு மிகக் குறைவு. தாகம் வந்தால் உங்கள் கையைப் பிடித்து இழுப்பான், இல்லாவிட்டால் அழுவான். திட்டம் போடுவதற்கு முன் ஒரு வாரம் நீங்கள் எதையும் மாற்றாமல் பார்த்து மட்டும் எழுதியிருக்கிறீர்கள்: எத்தனை தடவை இழுத்தான், எத்தனை தடவை அழுதான். அதுதான் தொடக்க நிலை. அது இல்லாத திட்டத்தில் பிள்ளை முன்னேறினானா என்று யாராலும் சொல்ல முடியாது. நிறையப் பேர் இதை விட்டுவிட்டு 'தொடர்பாடல் திறனை மேம்படுத்தல்' என்று இலக்கு எழுதுகிறார்கள். அதை எந்த நாளில் அடைந்தோம் என்று எப்படித் தெரியும்?

நீங்கள் எழுதிய இலக்கு அளக்கக்கூடியது. தண்ணீர் வேண்டும்போது, யாரும் ஞாபகப்படுத்தாமல், தண்ணீர்ப் படம் ஒட்டிய அட்டையை எடுத்து ரீச்சரின் கையில் கொடுப்பான். ஐந்து தடவையில் நாலு தடவை, தொடர்ந்து மூன்று நாள். என்ன செய்வான், எந்த உதவியோடு, எத்தனை தடவை என்ற மூன்றும் அதில் இருக்கிறது.

அப்புறம் நடந்ததையும் பார்த்தேன். முதல் மாதம் 'கார்ட்டைத் தா' என்று நீங்கள் சொன்னால்தான் கொடுத்தான். சொல்லாவிட்டால் அட்டையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தான். அவன் பழகியது தண்ணீர் கேட்க அல்ல, உங்கள் கட்டளைக்குக் காத்திருக்க. அதைக் கண்டுபிடித்து முறையை மாற்றினீர்கள். வாசலில் காத்திருந்த தாயை அவனுக்குப் பின்னால் இருத்தி, அவன் தண்ணீர்ப் போத்தலை நோக்கிக் கை நீட்டியதும் அவர் ஒன்றும் பேசாமல் அவன் கையை அட்டைக்குக் கொண்டுபோக, முன்னால் இருந்த நீங்கள் அட்டையை வாங்கியவுடன் தண்ணீர் கொடுத்தீர்கள். கைப்பிடி முதலில் மணிக்கட்டில், பிறகு முழங்கையில், பிறகு இல்லை. இரண்டாம் தவணை முடிவில் பாடசாலையில் இலக்கு வந்துவிட்டது. வீட்டில் வரவில்லை, ஏனென்றால் அதுவரை அட்டை பாடசாலையில் மட்டும் இருந்தது. வீட்டுக்கும் ஒன்று செய்த பிறகு அங்கே தாயின் கை உதவியோடு கொடுக்கிறான்.

இதைச் சி.வி.யில் இப்படி எழுதலாம்:

"பேச்சு மிகக் குறைந்த 8 வயதுப் பிள்ளை. தொடக்க நிலை: தேவையைக் கையை இழுத்தோ அழுதோ காட்டல். இலக்கு: பட அட்டை கொடுத்துத் தண்ணீர் கேட்டல். சொல் உதவியில் தங்கி நின்றதால் கை உதவிக்கு மாற்றி, அதைப் படிப்படியாகக் குறைத்தேன். இரண்டு தவணையில்: பாடசாலையில் ஐந்துக்கு நாலு தடவை தானாக, வீட்டில் தாயின் கை உதவியோடு."

கடைசித் துண்டை வெட்டிவிடாதீர்கள். இந்த வேலை தெரிந்தவர்களுக்கு, ஓரிடத்தில் பழகியது இன்னோரிடத்துக்குத் தானாகப் போகாது என்பது தெரியும். எல்லாமே முழுதாக நிறைவேறியது என்று எழுதியிருந்தால்தான் அவர்களுக்குச் சந்தேகம் வரும்.

இப்படி மூன்று பிள்ளைகள் போதும், ஒவ்வொன்றும் வேறு தேவையாக. மற்றவர்களை ஒரு வரியில் சேர்த்துவிடலாம்: எத்தனை பிள்ளைகள், எந்த வயது, ஒரே நேரத்தில் எத்தனை பேர் வகுப்பில். அந்த வரியில் ஒரு கவனம் வேண்டும். வைத்தியர் அடையாளம் கண்டதையும் நீங்கள் வகுப்பில் அவதானித்ததையும் ஒன்றாகக் கலக்காதீர்கள். உங்கள் பட்டியலில் 'டிஸ்லெக்சியா' என்று இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். குறிப்புகளின்படி அவர்களுக்கு எந்த மதிப்பீடும் நடக்கவில்லை. ஒரு பிள்ளை பாடசாலைக்கே ஒழுங்காக வரவில்லை, மற்றப் பிள்ளைக்குக் கண் பரிசோதனைகூட நடக்கவில்லை. 'மூன்றாம் வகுப்பில் உயிர்மெய் எழுத்துகளைக் கூட்டி வாசிக்க முடியாத இரண்டு பிள்ளைகள், மதிப்பீடு இன்னும் நடக்கவில்லை' என்று எழுதுங்கள். இப்படியான நிலையை உறுதியாக அடையாளம் காண்பது ஆசிரியரின் வேலை இல்லை என்று உங்களுக்குத் தெரியும் என்பதை அந்த வரியே காட்டிவிடும்.

சிகிச்சை பற்றிய பகுதியிலும் இதே கதைதான். 'பேச்சுச் சிகிச்சை, இயன்மருத்துவப் பயிற்சி வழங்கினேன்' என்று இருக்கிறது. அந்த வரியை எடுத்துவிடுங்கள். அது அதற்கெனப் படித்துத் தகுதி பெற்றவர்களின் வேலை. நீங்கள் செய்தது வேறு, அதற்கும் பெறுமதி உண்டு. வன்னியில் ஒரு தாய் பிள்ளையைக் கொண்டு பஸ் ஏறி, மாறி, கிளினிக்குக்குப் போய்ச் சேர்ந்தால் சிகிச்சையாளர் பிள்ளையைப் பார்க்கும் நேரம் கொஞ்சம். அடுத்த தவணை வர வாரங்கள் ஆகும். இடையில் ஒவ்வொரு நாளும் பிள்ளை இருப்பது உங்களிடம். கிளினிக் திகதிக்கு முன் நீங்கள் ஒரு பக்கம் எழுதித் தாயிடம் கொடுத்தனுப்பியிருக்கிறீர்கள்: போன தடவை சொன்னதில் என்ன செய்தோம், எது நடக்கவில்லை, எதைக் கேட்க வேண்டும். சிகிச்சையாளர் அதே தாளின் கீழ்ப்பாதியில் பதில் எழுதியிருக்கிறார். பட அட்டையை யோசனை சொன்னதும் அவர்தான். சிகிச்சையாளரோடு இணைந்து வேலை செய்வது என்றால் இதுதான். 'பேச்சு மொழிச் சிகிச்சையாளரின் ஆலோசனையை அன்றாட வகுப்பில் செயற்படுத்தி, ஒவ்வொரு கிளினிக்குக்கும் முன் எழுத்து மூலம் தெரிவித்தேன்' என்று போடுங்கள்.

பெருமூளை வாதம் உள்ள பிள்ளைக்கு நாற்காலி சரி செய்ததை நீங்கள் எழுதவே இல்லையே! கால் நிலத்தில் படாமல் தொங்கியதால் அவளுடைய இடுப்பு முன்னால் வழுக்கி, உடம்பு ஒரு பக்கம் சரிந்து, அந்தக் கையால் மேசையைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. பென்சில் பிடிக்கக் கை மிச்சமில்லை. தொழில்வழிச் சிகிச்சையாளர் சொன்னபடி பாதம் முழுதாகப் பதியப் பலகை வைத்து, இடுப்பைப் பின்னால் தள்ளி இருத்தி, மேசையை முழங்கை உயரத்துக்குக் கொண்டுவந்த பிறகு இரண்டு கையும் வேலைக்கு வந்தன. அதை இரண்டு வரியில் எழுதுங்கள், யாருடைய ஆலோசனை என்பதையும் சேர்த்து.

ஐந்து நாள் பயிற்சியைத் தாராளமாகப் போடுங்கள். தலைப்பு, நடத்திய நிறுவனம், ஆண்டு, மொத்த மணித்தியாலம், சான்றிதழ் உண்டா என்பது எல்லாம் ஒரே வரியில் வரட்டும். 'பெற்றோர் ஆலோசனையில் தேர்ச்சி' என்று அதை ஊதிப் பெருப்பிக்க வேண்டாம். உளவளத்துணையாளர் என்ற சொல்லை உங்களுக்கு நீங்களே சூட்டாதீர்கள், அதற்கு டிப்ளோமா படித்தவர்கள் இருக்கிறார்கள். வரிக்குக் கீழே, அந்தப் பயிற்சியில் பழகிய ஒன்றை எங்கே பயன்படுத்தினீர்கள் என்று எழுதுங்கள். பையனின் தாய் 'நான் ஏதோ செய்ததால்தான் இவன் இப்படி' என்று சொன்னபோது நீங்கள் மறுத்துப் பேசாமல் முதலில் கேட்டிருக்கிறீர்கள். பிறகு வீட்டுக்கு இன்னொரு அட்டை செய்து, தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் கட்டச் சொல்லி, ஒரு நாளைக்கு ஒரே ஒரு வேலை மட்டும் கொடுத்திருக்கிறீர்கள். அவர் நித்திரையில்லாமல், சாப்பிடாமல் வந்த நாட்களில் வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போகச் சொல்லி வழிகாட்டியிருக்கிறீர்கள். எங்கே தன் வேலை முடிந்து இன்னொருவரின் வேலை தொடங்குகிறது என்று அறிந்த ஆசிரியரை எந்த நிலையமும் விரும்பும். ஆனால் அந்தத் தாயின் துயரம் எதுவும் சி.வி.க்குள் வரக்கூடாது. 'வீட்டுப் பயிற்சித் திட்டம், தேவைப்பட்ட பெற்றோரை உளநலச் சேவைக்கு வழிப்படுத்தல்' என்பதோடு நிறுத்துங்கள்.

பிள்ளைகளின் பெயரை மட்டும் மறைப்பதும் போதாது. உங்கள் சி.வி.யில் பாடசாலையின் பெயர் இருக்கிறது. அதற்குக் கீழே 'சக்கர நாற்காலியில் வரும் 10 வயதுச் சிறுமி, தந்தையை இழந்த குடும்பம்' என்று எழுதினால் எங்கள் ஊர்களில் யார் என்று கேட்கத் தேவையில்லை. வவுனியாவில் அதை வாசிப்பவருக்கு அந்த ஊரில் ஒரு சித்தி இருப்பார். தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022 இல் 9 ஆம் இலக்கமாக வந்துவிட்டது. அதில் உடல்நலத் தகவலும் பிள்ளைகளின் தகவலும் விசேட வகைக்குள் அடங்குகின்றன. சட்டம் இல்லாவிட்டாலும் இதைச் செய்யக்கூடாது. வயதைச் சரியாகப் போடாமல் '7 – 9' என்று போடுங்கள். நான் மேலே எழுதிக் காட்டிய வரியிலும் அப்படியே மாற்றிவிடுங்கள். குடும்பக் கதை வேண்டாம், படமும் வேண்டாம்.

'தொண்டர்' என்ற சொல்லை மறைக்க வேண்டாம். நாலு வருடம், வாரத்தில் எத்தனை நாள் என்று எழுதி, அதிபரின் கடிதத்தை இணையுங்கள்.

நேர்முகத்தில் திட்டம் ஒன்றைக் காட்டச் சொல்லிக் கேட்பார்கள். அதிபரிடமும் பெற்றோரிடமும் கேட்டு, சம்மதம் கிடைத்தால் மட்டும் பையனின் திட்டத்தின் பிரதி ஒன்றைக் கொண்டு போங்கள். பெயர், ஊர், பிறந்த திகதி, கிளினிக் இலக்கம் எல்லாவற்றையும் பிரதியில் கறுப்புப் பேனாவால் அடித்தால் மட்டும் போதாது, வெளிச்சத்தில் பிடித்தால் எழுத்து தெரியும். அடித்த தாளை இன்னொரு தடவை போட்டோக்கொப்பி எடுத்து, அந்தக் கொப்பியை மட்டும் கொண்டு போங்கள். காட்டி முடிந்ததும் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
அக்கா